அத்தியாயம் 7: திசைகாட்டியை நேராக்குதல் – ஹார்டு அயர்ன், சாஃப்ட் அயர்ன் காலிபரேஷன்

சென்ற அத்தியாயத்தில் கட்டிய நான்கு சக்கர வண்டிக்கு இப்போது திசை தெரிய வேண்டும். அதற்காக GY-271 என்ற சிறு பலகையை வாங்கி வைத்திருக்கிறீர்கள். அதை வண்டியில் பொருத்தி, நிரலை ஏற்றி, வண்டியைக் கிழக்கே திருப்பி வைத்தால் திரையில் 90 வர வேண்டும். என் வண்டியில் 46 வந்தது. தெற்கே திருப்பினால் 180க்குப் பதில் 224. சென்சார் பழுதென்று நினைத்து நான் இன்னொன்று வாங்கினேன். அதுவும் ஏறக்குறைய அதே எண்களைத்தான் காட்டியது. இரண்டுமே நல்ல சென்சார்கள். தங்களைச் சுற்றி இருந்த காந்தப்புலத்தை அவை சரியாகவே அளந்தன. அந்தப் புலத்தில் பூமியுடையதோடு என் வண்டியுடையதும் கலந்திருந்தது.

வண்டியின் பங்கைக் கண்டுபிடித்துக் கழிப்பதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை. முதல்முறை செய்பவருக்கு ஒரு மாலை நேரம் பிடிக்கும்.

## தெரிந்திருக்க வேண்டிய அளவுக்குக் கோட்பாடு

சென்சார் X, Y, Z என மூன்று அச்சுகளில் புலத்தை அளக்கிறது. அருகில் இரும்பே இல்லாத இடத்தில் சென்சாரை எல்லாப் பக்கமும் சுழற்றி, கிடைக்கும் அளவுகளைப் புள்ளிகளாகக் குறித்தால் அவை ஒரு பந்தின் மேற்பரப்பில் அமையும். பந்தின் நடு, சுழியத்தில் இருக்கும். அதன் ஆரம் அந்த ஊரில் பூமியின் காந்தப்புலம். சென்னையில் அது சுமார் 41 மைக்ரோடெஸ்லா.

வண்டி இந்தப் பந்தை இரண்டு விதமாகக் கெடுக்கிறது.

ஹார்டு அயர்ன்: தானே காந்தமாக இருக்கும் பொருள்களால் வருவது. மோட்டாருக்குள் இருக்கும் காந்தம், ஒலிபெருக்கி, காந்தமேறிய திருகு ஆகியவை இந்த வகை. இவை வண்டியோடு சேர்ந்தே சுழல்வதால், வண்டி எந்தப் பக்கம் திரும்பினாலும் சென்சாருக்கு ஒரே அளவைக் கூட்டிக்கொண்டே இருக்கும். பந்தின் வடிவம் மாறாது. அதன் நடு மட்டும் சுழியத்தை விட்டு நகர்ந்துவிடும்.

சாஃப்ட் அயர்ன்: தான் காந்தமாக இல்லாவிட்டாலும் பூமியின் புலத்தைத் தன் பக்கம் வளைத்து இழுக்கும் பொருள்களால் வருவது. எஃகுத் தகடு, எஃகு உறை போட்ட 18650 பேட்டரி, இரும்பு அச்சு ஆகியவை இந்த வகை. வண்டி திரும்பத் திரும்ப இவற்றின் விளைவும் மாறும். பந்து ஒரு திசையில் நீண்டு, இன்னொரு திசையில் நசுங்கும்.

இது கப்பல்காரர்கள் முதலில் சந்தித்த சிக்கல். 1838இல் ஆங்கிலேய வானியலாளர் ஜார்ஜ் ஏரி, ‘ரெயின்போ’ என்ற இரும்புக் கப்பலைத் திசை திசையாகத் திருப்பி நிறுத்தி, திசைகாட்டி எங்கே எவ்வளவு பிசகுகிறது என்று குறித்துக்கொண்டு, காந்தங்களையும் இரும்பையும் வைத்து அதை ஈடுசெய்தார். நாமும் வண்டியைத் திருப்பித் திருப்பி நிறுத்திப் பிழையைக் குறிக்கப்போகிறோம். ஈடுசெய்வதை மட்டும் காந்தத்துக்குப் பதில் கணக்கால் செய்வோம்.

## தேவையானவை

1. QMC5883L சில்லு உள்ள GY-271 பலகை, ஆர்டுயினோ, நீளமான யுஎஸ்பி வயர்
2. கையில் வைத்துப் பார்க்கும் சாதாரணத் திசைகாட்டி ஒன்று
3. அட்டையில் வரைந்த 360 டிகிரி வட்டம், 45 டிகிரிக்கு ஒரு கோட்டுடன்
4. பித்தளை அல்லது நைலான் திருகுகள், 15 செ.மீ. பிவிசி குழாய்
5. பைதானும் நம்பையும் உள்ள மடிக்கணினி

> குறிப்பு: HMC5883L என்று விற்கப்படும் பல பலகைகளில் உண்மையில் இருப்பது QMC5883L. முன்னதன் முகவரி `0x1E`, பின்னதன் முகவரி `0x0D`. ஐ-ஸ்கொயர்-சி ஸ்கேனர் நிரலை ஒருமுறை ஓட்டி எது இருக்கிறதென்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயத்தின் நிரல் `0x0D`க்கு உரியது. முகவரி வேறாக இருந்தால் இந்த நிரல் வேலை செய்யாது.

## முதலில் பாதுகாப்பு

வண்டியைக் கையில் தூக்கித் தலைகீழாகவெல்லாம் சுழற்றப்போகிறோம், அதுவும் பேட்டரியோடு.

1. மோட்டார் டிரைவருக்குப் போகும் மின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். நிரலில் மோட்டாரை நிறுத்தியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். கையில் இருக்கும்போது சக்கரம் ஓடினால் விரலும் தலைமுடியும் மாட்டிக்கொள்ளும்.
2. பேட்டரியைப் பட்டையால் இறுகக் கட்டுங்கள். கவிழ்க்கும்போது நழுவினால் வயர் இழுபட்டு ஷார்ட் ஆகலாம்.
3. கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் இதைச் செய்யாதீர்கள். கண் வண்டியிலேயே இருக்கும், கால் பின்னால் நகரும்.
4. QMC5883L சில்லு தாங்குவது 3.6 வோல்ட் வரைதான். உங்கள் பலகையில் வோல்டேஜ் ரெகுலேட்டர் இருப்பதை உறுதிசெய்யாமல் 5 வோல்ட் கொடுக்காதீர்கள்.

## படி 1: வண்டியை முழுமையாக முடித்துவிடுங்கள்

பலர் சென்சாரை மேஜைமேல் தனியாக வைத்துக் காலிபரேட் செய்துவிட்டுப் பிறகு வண்டியில் பொருத்துகிறார்கள். அப்படிக் கிடைப்பது மேஜைக்கான திருத்தம், வண்டிக்கானது இல்லை. நாம் அளக்கப்போவது வண்டியின் காந்தத்தை. ஆகவே பேட்டரி, வயர், திருகு, மூடி எல்லாம் ஓடும்போது எங்கே இருக்குமோ அங்கேயே இருக்க வேண்டும்.

1. பிவிசி குழாயை வண்டியின் நடுவில் நட்டு, அதன் உச்சியில் பலகையை வையுங்கள். காந்தத்திலிருந்து தூரம் இரட்டிப்பானால் அதன் புலம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். 5 செ.மீ. உயரத்தில் இருக்கும் சென்சாரை 10 செ.மீ.க்கு ஏற்றுவதால் கிடைக்கும் பலன் எந்தக் கணக்கிலும் கிடைக்காது.
2. பலகையில் அச்சிட்ட X அம்பு வண்டியின் முன்பக்கத்தைப் பார்க்கட்டும். பலகையின் மேல்பக்கம் வானத்தைப் பார்த்தால் Y அம்பு இடப்பக்கம் காட்டும்.
3. பலகையைப் பித்தளை அல்லது நைலான் திருகால் மட்டும் முடுக்குங்கள்.

திருகு விஷயத்தை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சென்சார் ஓடிக்கொண்டிருக்கும்போது எஃகுத் திருகு ஒன்றை அதனருகே கொண்டுபோங்கள். 5 செ.மீ. தூரம் வரை பெரும்பாலும் எண்கள் அசையாது. 1 செ.மீ. நெருங்கியதும் துள்ளத் தொடங்கும். அதே திருகைக் காந்த முனையுள்ள ஸ்க்ரூ டிரைவரில் ஒட்டவைத்து எடுத்துவிட்டு மீண்டும் காட்டுங்கள். துள்ளல் இப்போது இன்னும் பெரிதாக இருக்கும். ஒருமுறை ஒட்டியதிலேயே திருகு காந்தமேறிவிட்டது. காலிபரேஷன் முடிந்த பிறகு காந்த ஸ்க்ரூ டிரைவரால் ஒரு திருகை இறுக்கினாலும் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டியிருப்பது இதனால்தான்.

## படி 2: பச்சை அளவுகளைப் படியுங்கள்

கீழுள்ள நிரல் ஒரு நொடிக்குச் சுமார் 10 முறை X, Y, Z அளவுகளை மைக்ரோடெஸ்லாவில் அனுப்பும்.

```cpp
#include <Wire.h>
const byte QMC = 0x0D;
void w(byte r, byte v) {
  Wire.beginTransmission(QMC);
  Wire.write(r); Wire.write(v);
  Wire.endTransmission();
}
void setup() {
  Serial.begin(115200); Wire.begin();
  w(0x0B, 0x01);
  w(0x09, 0x05);
}
void loop() {
  Wire.beginTransmission(QMC);
  Wire.write(0x00); Wire.endTransmission();
  Wire.requestFrom(QMC, (byte)6);
  for (int i = 0; i < 3; i++) {
    byte lo = Wire.read(), hi = Wire.read();
    int16_t v = (int16_t)((hi << 8) | lo);
    Serial.print(v / 120.0, 1);
    if (i < 2) Serial.print(",");
  }
  Serial.println();
  delay(100);
}
```

`0x05` என்பது 2 காஸ் வீச்சையும் நொடிக்கு 50 அளவுகளையும் தேர்ந்தெடுக்கிறது. இந்த வீச்சில் ஒரு மைக்ரோடெஸ்லாவுக்கு 120 எண்ணிக்கை, அதனால்தான் 120ஆல் வகுக்கிறோம். 2 காஸ் என்பது 200 மைக்ரோடெஸ்லா. ஏதாவது ஓர் அச்சு 150க்கு மேல் போனால் சென்சார் காந்தத்துக்கு மிக அருகில் இருக்கிறதென்று பொருள். கணக்குக்குப் போகாமல் படி 1க்குத் திரும்பி இடத்தை மாற்றுங்கள்.

## படி 3: இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

வண்டியோடு சுழலும் இரும்பைக் கணக்கு கழித்துவிடும். சுழலாமல் தரையிலும் சுவரிலும் இருக்கும் இரும்பைக் கழிக்காது. ஆகவே அந்த இரண்டாவது வகை இல்லாத இடம் வேண்டும்.

வீட்டுக்குள் வேண்டாம். கான்கிரீட் தரையிலும் மாடித் தளத்திலும் கம்பி ஓடுகிறது. இரும்புக் கால் மேஜை, கிரில் கதவு, மோட்டார் பைக், காந்தத்தில் ஒட்டும் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. திறந்த மண் தரை, பள்ளி மைதானம், தோப்பு ஆகியவை நல்லவை. மாடியை விட்டால் வழியில்லை என்றால், மர ஸ்டூல் மேல் தளத்திலிருந்து ஒரு மீட்டராவது உயர்த்தி வையுங்கள்.

இடம் நல்லதா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. கைத் திசைகாட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரே நேர்கோட்டில் இரண்டு மீட்டர் நடங்கள். முள் அசையாமல் ஒரே பக்கம் காட்டினால் நல்ல இடம். நடுவில் திரும்பினால் அங்கே மண்ணுக்குள் ஏதோ இருக்கிறது.

கைபேசி, சாவிக்கொத்து, கைக்கடிகாரம், பெல்ட் எல்லாவற்றையும் கழற்றித் தள்ளி வையுங்கள். மடிக்கணினியும் யுஎஸ்பி வயர் எட்டும் அளவுக்கு விலகியே இருக்கட்டும், அதன் ஒலிபெருக்கியிலும் மூடியிலும் காந்தம் உண்டு.

## படி 4: சுழற்றி அளவெடுங்கள்

1. சீரியல் மானிட்டரைத் திறந்து எண்கள் ஓடுவதைப் பாருங்கள்.
2. வண்டியைச் சமமாகப் பிடித்து, நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். 15 நொடி எடுத்துக்கொள்ளுங்கள்.
3. வண்டியைக் கவிழ்த்துப் பிடித்து இன்னொரு சுற்று.
4. முன்பக்கம் வானத்தைப் பார்க்க ஒரு சுற்று, தரையைப் பார்க்க ஒரு சுற்று.
5. இடப்பக்கம் மேலே இருக்க ஒரு சுற்று, வலப்பக்கம் மேலே இருக்க ஒரு சுற்று.
6. கடைசியாக 30 நொடிக்கு வண்டியை எட்டு எழுதுவதுபோல் எல்லாப் பக்கமும் சாய்த்துச் சுழற்றுங்கள்.

மொத்தம் இரண்டு நிமிடத்தில் சுமார் 1,200 வரிகள் சேரும். அவற்றை நகலெடுத்து `mag.csv` என்று சேமியுங்கள். முதல் வரியும் கடைசி வரியும் அரைகுறையாக இருந்தால் நீக்கிவிடுங்கள்.

> நம் ஊருக்கான எச்சரிக்கை: காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. அதனால் தமிழ்நாட்டில் பூமியின் காந்தப்புலம் ஏறக்குறைய தரைக்கு இணையாகவே கிடக்கிறது. வண்டியைத் தரையில் வைத்தே சுற்றினால் Z அச்சு கொஞ்சமும் அசையாது. மேலே 3, 4, 5 எனக் குறித்த சுற்றுகளை விட்டுவிட்டால் Z மையத்தைக் கணக்கு குருட்டாம்போக்கில் ஊகிக்கும், அந்தப் பிழை மற்ற அச்சுகளிலும் கலந்துவிடும்.

## படி 5: ஹார்டு அயர்னைக் கையால் கணக்கிடுங்கள்

கணினி நிரலுக்குப் போகுமுன் இந்தக் கணக்கைத் தாளில் ஒருமுறை போடுங்கள். நிரல் தவறான விடை தரும்போது கண்டுபிடிக்க இதுதான் உதவும். ஒவ்வோர் அச்சிலும் மிகச் சிறிய எண்ணையும் மிகப் பெரிய எண்ணையும் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டி இரண்டால் வகுத்தால் மையம். கழித்து இரண்டால் வகுத்தால் அரைவீச்சு. என் வண்டியில் கிடைத்தவை:

| அச்சு | சிறியது | பெரியது | மையம் | அரைவீச்சு |
|---|---|---|---|---|
| X | −19 | 63 | 22 | 41 |
| Y | −56 | 26 | −15 | 41 |
| Z | −35 | 47 | 6 | 41 |

மையங்கள் மூன்றும் சுழியமாக இருந்திருக்க வேண்டியவை. X அச்சில் 22, Y அச்சில் −15 என்றால், பூமியின் புலத்தில் பாதிக்கு மேல் என் வண்டியே சேர்த்திருக்கிறது. இந்த மையங்களை ஒவ்வோர் அளவிலிருந்தும் கழித்தால் ஹார்டு அயர்ன் போய்விடும்.

அரைவீச்சு மூன்றும் 41. பூமியின் புலமும் அதுதான். இதைப் பார்த்ததும், பந்து நசுங்கவில்லை, சாஃப்ட் அயர்ன் இல்லை, வேலை முடிந்தது என்று நான் எழுந்துவிட்டேன். அது தவறு என்று அடுத்த படிதான் காட்டியது.

## படி 6: எட்டுத் திசைச் சோதனை

1. வண்டியை மூன்று மீட்டர் தள்ளி வைத்துவிட்டு, கைத் திசைகாட்டியால் வடக்கைக் கண்டுபிடியுங்கள். வண்டி அருகில் இருந்தால் கைத் திசைகாட்டியும் ஏமாறும்.
2. 360 டிகிரி அட்டையின் சுழியக் கோட்டை அந்த வடக்கோடு பொருத்தி, நான்கு மூலையிலும் கல் வையுங்கள், ஆணி அடிக்காதீர்கள்.
3. வண்டியைச் சென்சார் அட்டையின் நடுவுக்கு மேலே வரும்படி வைத்து, முன்பக்கத்தை ஒவ்வொரு 45 டிகிரிக் கோட்டோடும் பொருத்தி நிறுத்துங்கள்.
4. ஒவ்வொரு நிறுத்தத்திலும் 10 அளவுகளின் சராசரியைக் குறியுங்கள்.

திசைக்கான வாய்பாடு: `atan2(y, x) * 180 / PI`. விடை குறை எண்ணாக வந்தால் 360 கூட்டுங்கள். Y அம்பு வலப்பக்கம் இருக்கும்படி பொருத்தியிருந்தால் y-இன் குறியை மாற்றுங்கள்.

| உண்மைத் திசை | திருத்தாமல் | மையம் கழித்து | மிச்சப் பிழை |
|---|---|---|---|
| 0 வடக்கு | 349 | 4 | +4 |
| 45 | 17 | 45 | 0 |
| 90 கிழக்கு | 46 | 86 | −4 |
| 135 | 112 | 136 | +1 |
| 180 தெற்கு | 224 | 184 | +4 |
| 225 | 259 | 225 | 0 |
| 270 மேற்கு | 289 | 265 | −5 |
| 315 | 319 | 315 | 0 |

பட்டியலை எப்படிப் படிப்பது? எண்களின் அளவைவிட, எதிரெதிர்த் திசைகளில் பிழையின் குறி எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

1. *எதிர்த் திசைகளில் குறி மாறினால் ஹார்டு அயர்ன்.* ‘திருத்தாமல்’ நெடுவரிசையில் வடக்கில் −11, தெற்கில் +44. கிழக்கில் −44, மேற்கில் +19. ஒரு முழுச் சுற்றில் பிழை ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்குகிறது.
2. *எதிர்த் திசைகளில் குறி ஒன்றாகவும், செங்குத்துத் திசையில் மாறியும் இருந்தால் சாஃப்ட் அயர்ன்.* கடைசி நெடுவரிசையில் வடக்கும் தெற்கும் +4. கிழக்கும் மேற்கும் −4, −5. ஒரு சுற்றில் பிழை இருமுறை ஏறி இருமுறை இறங்குகிறது.
3. *எட்டிலும் ஒரே பிழை என்றால்* காந்தக் கோளாறு இல்லை. பலகை வண்டியில் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. அந்த எண்ணைத் திசையிலிருந்து கழித்துவிட்டால் போதும்.

அப்படியென்றால் அரைவீச்சு எப்படி எல்லா அச்சிலும் சமமாக வந்தது? என் வண்டியில் பேட்டரிகள் மூலைவிட்டமாகக் கிடந்தன. பந்து X அச்சிலோ Y அச்சிலோ நீளாமல் இரண்டுக்கும் நடுவே 45 டிகிரியில் நீண்டிருந்தது. இப்படிச் சரியாக 45 டிகிரி சாய்ந்து கிடக்கும் நீள்வட்டத்துக்கு அகலமும் உயரமும் சமமாகவே இருக்கும். ஒவ்வோர் அச்சையும் தனித்தனியாகப் பெருக்கிச் சரிசெய்யும் முறைக்கு இந்தச் சாய்வு தெரியவே தெரியாது. அதைப் பிடிக்க அச்சுகளை ஒன்றோடொன்று கலக்கும் 3×3 அணி வேண்டும்.

## படி 7: சாஃப்ட் அயர்ன் அணியைக் கண்டுபிடியுங்கள்

கீழுள்ள பைதான் நிரல், `mag.csv`இல் உள்ள புள்ளிகளுக்குப் பொருந்தும் நசுங்கிய பந்தைத் தேடி, அதன் மையத்தையும், அதை உருண்டையாக்கும் அணியையும் தருகிறது.

```python
import numpy as np
F = 41.0
d = np.loadtxt("mag.csv", delimiter=",")
m = d.mean(axis=0)
x, y, z = (d - m).T
D = np.column_stack([x*x, y*y, z*z, 2*x*y, 2*x*z,
                     2*y*z, 2*x, 2*y, 2*z])
p = np.linalg.lstsq(D, np.ones(len(x)), rcond=None)[0]
Q = np.array([[p[0], p[3], p[4]],
              [p[3], p[1], p[5]],
              [p[4], p[5], p[2]]])
c = -np.linalg.solve(Q, p[6:9])
k = 1 + c @ Q @ c
e, V = np.linalg.eigh(Q / k)
A = F * V @ np.diag(np.sqrt(e)) @ V.T
b = c + m
r = np.linalg.norm((d - b) @ A.T, axis=1)
print(b.round(1)); print(A.round(3)); print(r.std())
```

`F` உங்கள் ஊரின் காந்தப்புலம். அது சற்று முன்பின்னாக இருந்தாலும் திசை மாறாது, மூன்று அச்சும் ஒன்றாகவே பெருகும். என் வண்டிக்கு வந்த விடை:

```
[ 21.8 -15.2   6.1]
[[ 1.006 -0.075  0.002]
 [-0.075  1.004 -0.004]
 [ 0.002 -0.004  0.998]]
```

முதல் வரி மையம். தாளில் போட்ட 22, −15, 6 உடன் ஒத்துப்போகிறதா பாருங்கள். இரண்டு மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் விலகினால் அளவெடுத்ததில் கோளாறு இருக்கிறது.

அணியில் மூலைவிட்டத்தில் உள்ள எண்கள் 1ஐ ஒட்டியே இருக்கின்றன. கோளாறு முழுவதும் −0.075இல் இருக்கிறது. X அளவில் 7.5 விழுக்காடு Y-க்குள்ளும், Y அளவில் அதே பங்கு X-க்குள்ளும் கசிந்திருந்தது. அட்டையில் 4 டிகிரியாக வெளிப்பட்டது இந்தக் கசிவுதான்.

கடைசியாக அச்சாகும் `r.std()`, திருத்திய புள்ளிகள் பந்தின் மேற்பரப்பிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று சொல்கிறது. 1க்குக் கீழே இருந்தால் நன்று. 2க்கு மேல் போனால் சுழற்றும்போது ஏதோ இரும்பு அருகில் வந்திருக்கிறது, அல்லது வண்டியிலேயே பேட்டரியோ வயரோ ஆடியிருக்கிறது. அந்தத் தரவை விட்டுவிட்டுப் படி 4ஐ மறுபடி செய்யுங்கள். `nan` வந்தால் புள்ளிகள் பந்தைச் சுற்றிப் பரவவில்லை, கவிழ்த்துச் சுற்றியது போதவில்லை.

## படி 8: வண்டியில் ஏற்றிச் சரிபாருங்கள்

வரிசை முக்கியம். முதலில் மையத்தைக் கழிக்க வேண்டும், பிறகு அணியால் பெருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் மையமும் கலங்கிவிடும். கீழே `mx`, `my`, `mz` என்பவை படி 2இல் மைக்ரோடெஸ்லாவில் படித்த X, Y, Z அளவுகள்.

```cpp
float x = mx - 21.8, y = my + 15.2, z = mz - 6.1;
float hx =  1.006*x - 0.075*y + 0.002*z;
float hy = -0.075*x + 1.004*y - 0.004*z;
float deg = atan2(hy, hx) * 180.0 / PI;
if (deg < 0) deg += 360;
```

இதை ஏற்றிய பிறகு எட்டுத் திசைச் சோதனையை மறுபடி செய்யுங்கள். என் வண்டியில் எட்டுத் திசையிலும் பிழை 1 டிகிரிக்குள் வந்தது. கண்ணால் பார்த்துக் கோட்டோடு பொருத்துவதிலேயே அந்த அளவு பிசகும் என்பதால், இதற்கு மேல் திருத்த முயல வேண்டாம்.

இங்கே கிடைப்பது காந்த வடக்கு. வரைபடத்தின் வடக்கு வேண்டுமென்றால் உங்கள் ஊரின் காந்த விலக்கத்தைச் சேர்க்க வேண்டும். சென்னையில் அது மேற்காக 2 டிகிரிக்கும் குறைவு.

## படி 9: மோட்டாரை ஓட்டிப் பாருங்கள்

இதுவரை மோட்டார் இணைப்பைக் கழற்றி வைத்திருந்தோம். வயரில் ஓடும் மின்னோட்டமும் காந்தப்புலத்தை உண்டாக்கும். 2 ஆம்பியர் ஓடும் ஒற்றை வயரிலிருந்து 2 செ.மீ. தூரத்தில் அந்தப் புலம் 20 மைக்ரோடெஸ்லா, பூமியுடையதில் பாதி. இது ஹார்டு அயர்னும் இல்லை, சாஃப்ட் அயர்னும் இல்லை. வேகத்துக்கேற்ப ஏறி இறங்குவதால் எந்த நிலையான எண்ணாலும் இதைக் கழிக்க முடியாது.

1. மோட்டார் இணைப்பை மாட்டி, சக்கரங்கள் தரையில் படாதபடி வண்டியை மரக்கட்டைமேல் ஏற்றி வையுங்கள். சக்கரத்தின் பக்கம் கை போகக் கூடாது.
2. மோட்டார் நின்ற நிலையில் X, Y, Z அளவுகளைக் குறியுங்கள்.
3. முழு வேகத்தில் ஓட்டி மறுபடி குறியுங்கள்.

நம் ஊரில் பக்கவாட்டில் 1 மைக்ரோடெஸ்லா மாறினால் திசை சுமார் 1.4 டிகிரி பிசகும். வித்தியாசம் 1க்கு மேல் இருந்தால் மோட்டாருக்குப் போகும் வயரையும் திரும்பும் வயரையும் ஒன்றோடொன்று முறுக்குங்கள். எதிரெதிராக ஓடும் மின்னோட்டங்களின் புலங்கள் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதுவும் போதாவிட்டால் குழாயை நீட்டுங்கள். குழாயை நீட்டினால் படி 4இலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

## அடிக்கடி நேரும் தவறுகள்

பேட்டரியை மாற்றிப் போடுவது. ஒரே அளவுள்ள 18650 என்றாலும் உறையின் காந்தத்தன்மை ஒன்றுபோல் இருக்காது. பேட்டரிகளுக்கு எண் எழுதி, எந்த இடத்தில் எது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாய்வை மறப்பது. மேலுள்ள திசை வாய்பாடு வண்டி சமமாக நிற்பதாக எடுத்துக்கொள்கிறது. இந்த விஷயத்தில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. சென்னையில் காந்தப்புலம் தரையை நோக்கி ஏறத்தாழ 10 டிகிரிதான் சாய்ந்திருக்கிறது, அதனால் வண்டி 10 டிகிரி சாய்ந்தாலும் திசை அதிகபட்சம் 2 டிகிரி பிசகும். லண்டனில் புலம் சுமார் 66 டிகிரி சாய்ந்திருப்பதால் அதே சாய்வு 20 டிகிரிக்கு மேல் கெடுத்துவிடும். வெளிநாட்டு வழிகாட்டிகள் முடுக்கமானியைக் கட்டாயம் என்பது இதனால்தான். சமதரையில் ஓடும் வண்டிக்கு நம் ஊரில் அது இல்லாமலே சமாளிக்கலாம். மேடு பள்ளத்தில் ஓடினாலோ பறந்தாலோ அதைச் சேர்த்துத்தான் ஆக வேண்டும்.

பிழை வந்ததும் எண்களைக் கையால் தட்டிக்கொட்டிப் பார்ப்பது. ஒரு திசையைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும். எட்டுத் திசைகளையும் மறுபடி எடுத்து, குறிகளைப் பாருங்கள். கோளாறு எந்த வகை என்று அவையே காட்டும்.

## எப்போது மறுபடி செய்ய வேண்டும்?

வண்டியில் எந்த இரும்புப் பொருளைச் சேர்த்தாலும், எடுத்தாலும், இடம் மாற்றினாலும் மறுபடி செய்யுங்கள். ஒலிபெருக்கியோ வலுவான காந்தமோ அருகில் வந்திருந்தாலும் அப்படியே. எதுவும் மாறவில்லையென்றால் மாதம் ஒருமுறை நான்கு திசைகளை மட்டும் அட்டையில் வைத்துப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. பிழை 3 டிகிரியைத் தாண்டாதவரை பழைய எண்களே போதும். தாண்டினால், புதிதாக அளவெடுக்கும் முன் வண்டியைச் சுற்றிப் பார்த்து, கடைசியாக எந்தத் திருகைத் தொட்டீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்.